கையிருப்பு எவ்வளவு இருக்கணும்?

மாசச் சம்பளக்காரங்களுக்கு மூணு மாசச் செலவு கையிருப்பா இருந்தா ஓரளவு சமாளிக்கலாம். விசைப்படகில் பங்குக்குப் போகிற குடும்பத்துக்கு அது பத்தாது. ஆறு மாசச் செலவாவது வேணும்.

வருமானத்தை வச்சுக் கணக்குப் போடாதீங்க, அது மாசத்துக்கு மாசம் மாறும். வாடகை, மளிகை, பள்ளிக்கூடம், கடன் தவணை, இதை மட்டும் கூட்டுங்க. 15,000 ரூபாய்னு வைங்க. ஆறு மாசத்துக்கு 90,000.

இதுல மீன்பிடித் தடைக்காலத்தைச் சேர்க்காதீங்க. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. முன்கூட்டியே தெரிஞ்ச செலவு அவசரச் செலவு ஆகாது. அதுக்கு 30,000 தனியா வேணும்; அரசு நிவாரணம் வந்தா அந்த அளவுக்குக் குறைச்சுக்கலாம். ரெண்டையும் ஒண்ணாப் போட்டு 90,000 மட்டும் வச்சிருந்தா, ஜூன்ல 60,000தான் மிஞ்சும். அப்போ கை உடைஞ்சு கரையில் உட்கார்ந்தா நாலு மாசம்தான் தாங்கும்.

சேர்க்கறதுக்கு ஆர்.டி. நமக்குச் சரிவராது, தவணை தவறினா அபராதம் விழும். தனிச் சேமிப்புக் கணக்கு தொடங்கி, நல்ல மீன்பாடு கிடைச்சு பங்கு பிரிச்ச அன்னைக்கே போட்டுடுங்க. அந்தக் கணக்கை மட்டும் போன்ல யு.பி.ஐ. செயலியோட இணைக்காதீங்க.