மால்தஸின் கணக்கு பொய்த்த இடம்
(ஹைதராபாத்தில் தமிழ்த் தோழர்களிடையே ஆற்றப்பட்ட உரை)



இரண்டுக்கு மேல் பிள்ளை பெற்றவர் ஊராட்சித் தேர்தலில் போட்டியிடக் கூடாது என்னும் விதி 1994ஆம் ஆண்டு ஆந்திரப் பிரதேச ஊராட்சிச் சட்டத்தில் இடம்பெற்றது. அன்றைய ஒன்றுபட்ட மாநிலத்தின் சட்டமன்றம் கூடியது இதே ஹைதராபாத்தில்தான். முப்பது ஆண்டுகள் கழித்து, 2024 நவம்பரில், ஆந்திரச் சட்டமன்றம் அவ்விதியை நீக்கியது. இன்று அம்மாநில முதலமைச்சர் கூடுதலாகப் பிள்ளை பெறுமாறு மக்களிடம் வேண்டுகிறார். நேற்று மக்கள் மிகுதி ஆபத்து. இன்று மக்கள் குறைவு ஆபத்து. இவ்விரண்டு அச்சங்களுக்கிடையே நடந்தது என்ன?

முதல் அச்சத்தின் மூலவர் மால்தஸ் பாதிரியார். தடையின்றி விட்டால் மக்கள்தொகை இருபத்தைந்து ஆண்டுக்கொருமுறை 1, 2, 4, 8 என்று இரட்டிக்கும். உணவோ 1, 2, 3, 4 என்று மட்டுமே கூடும் என்று 1798இல் அவர் எழுதினார். ஆகவே ஏழைக்குக் கொடுக்கும் உதவி மேலும் ஏழைகளையே பெருக்கும் என்றும் முடிவு கட்டினார். இம்முடிவுதான் நிலவுடைமையாளர்களுக்கு இனித்தது.

கணக்கு அவருடைய நாட்டிலேயே பொய்த்தது. இங்கிலாந்து, வேல்ஸ் மக்கள்தொகை 1801இல் ஏறத்தாழ 89 லட்சம். 1901இல் 3 கோடியே 25 லட்சம். மூன்றரை மடங்கு பெருகிய மக்கள் முன்னைவிட நன்றாகவே உண்டனர். அதைவிட முக்கியமானது, 1870களில் ஆயிரம் பேருக்கு 35க்கு மேலிருந்த பிறப்பு விகிதம் முதல் உலகப் போருக்குச் சற்று முன்பு 24 ஆகச் சரிந்தது. வயிறு நிறைந்தால் பிள்ளை பெருகும் என்பது மால்தஸின் விதி. நடந்தது நேர்மாறு. ஆலைச் சட்டங்கள் சிறுவரை வேலையிலிருந்து விலக்கின. 1880இல் பள்ளிக்கல்வி கட்டாயமானது. கூலி கொண்டுவந்த பிள்ளை செலவுக்குரிய பிள்ளையானது. பெற்றவை பிழைக்கும் என்ற நம்பிக்கையும் மெல்ல வந்தது. ஒவ்வொரு உற்பத்தி முறைக்கும் அதற்கேயுரிய மக்கள்தொகை விதி உண்டு என்று மார்க்ஸ் சொன்னதன் பொருள் இங்கே விளங்கும். ஆலை வாசலில் நிற்கும் ‘மிகை மக்கள்’ உணவுக்கு மிஞ்சியவர்கள் அல்லர், மூலதனத்தின் தேவைக்கு மிஞ்சியவர்கள்.

ஆனால் இங்கிலாந்தின் ரொட்டி முழுவதும் இங்கிலாந்து வயலில் விளைந்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அதன் கோதுமையில் பெரும்பகுதி கடல் கடந்து வந்தது. இந்தியக் கோதுமையும் அதில் சேரும். தொழில்மயத்தின் வெற்றியைப் பேசுவோர் இதை எளிதில் மறந்துவிடுகின்றனர்.

அந்த மறதிக்கு ஒரு முகம் உண்டு: ரிச்சர்ட் டெம்பிள். 1867இல் ஹைதராபாத்தில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்தவர். 1873-74இல் பீகாரில் பஞ்சம் மூண்டபோது பர்மாவிலிருந்து அரிசி தருவித்து வழங்கினார். பட்டினிச் சாவுகள் மிகக் குறைவு. பாராட்டுக்குப் பதிலாக, பணத்தை வாரியிறைத்தார் என்ற ஏச்சே கிடைத்தது. 1877இல் சென்னை மாகாணப் பஞ்சத்துக்கு வைஸ்ராய் அவரை அனுப்பியபோது பாடம் கற்றவராய் வந்தார். நிவாரண வேலையில் கல் உடைத்தவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சொற்பக் காசும் போதும் என்று கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டென்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. அப்பஞ்சத்தில் மாண்டோர் ஐம்பது லட்சத்துக்கும் மேல். தானிய ஏற்றுமதியோ நிற்கவில்லை. மனிதர் ஒருவரே, மாறியது கருவூலத்தின் கட்டளை மட்டுமே. கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரிகளை உருவாக்கிய ஹெய்லிபரி கல்லூரியில் பாடம் நடத்தியவர் மால்தஸ் என்பதும் இங்கே நினைவுகூரத் தக்கது.

விடுதலைக்குப் பிந்திய கணக்கையும் பார்க்கலாம். 1951இல் 36 கோடியாக இருந்த இந்தியர் 2011இல் 121 கோடியாயினர். மூன்று மடங்குக்குச் சற்று அதிகம். தானிய விளைச்சலோ 5 கோடி டன்னிலிருந்து 24 கோடி டன்னுக்கு மேல் சென்றது; ஐந்து மடங்கை நெருங்கியது. பாசனமும் உரமும் குட்டைப்பயிர் விதைகளும் செய்த வேலை அது. நிலத்தடி நீர் வற்றியது என்ற விலையும் அதற்குண்டு. எனினும் கிடங்கு நிறைந்த நாட்டில் பசி ஒழியவில்லை. 1983இல் ஒன்றுபட்ட ஆந்திரத்தில் கிலோ இரண்டு ரூபாய்க்கு அரிசி தரப்பட்டபோது வாங்கக் குவிந்தவர்களுக்கு இல்லாமலிருந்தது அரிசியன்று, காசு.

பிறப்பு வீதமும் இறங்கியது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி 1992-93இல் ஆந்திரப் பெண்ணொருவருக்கு 2.6 பிள்ளைகள், 2019-21 ஆய்வில் ஆந்திரத்தில் 1.7, தெலங்கானாவில் 1.8. இதைத் தொழில்மயம் மட்டுமே செய்ததாகச் சொன்னால் அது நேர்மையாகாது. பெண் கல்வி கேரளத்தைப் போல் வளராத இம்மாநிலத்தில், இளவயதிலேயே கருத்தடை அறுவைக்கு உட்பட்ட ஏழைப் பெண்களின் உடல்மீதே அக்குறைவின் பெரும்பகுதி நடந்தது. தேர்தலில் நிற்கும் உரிமையை இழந்தவர்களிலும் சிற்றூர்ப் பெண்கள் இருந்தனர். எத்தனை பிள்ளை என்பதை அவர்களில் பலர் தாமே முடிவு செய்தவர்கள் அல்லர். இன்று அதிகம் பெறச் சொல்லும் குரலும் அவர்களிடம் கேட்டுவிட்டு எழுந்ததன்று.