ஒரே முகவரி, இரண்டு பில்

(நமது சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சங்கத்தில் எந்த வேலைக்கும் இரண்டு கொட்டேஷன் வாங்குகிறோம். அந்த இரண்டும் உண்மையிலேயே இரண்டுதானா? இதைப் பற்றி ஒரு கதை சொல்கிறேன். மனிதர்கள் கற்பனை, கணக்கு விதிகள் நிஜம்.

64 வீடுகள் உள்ள ஒரு குடியிருப்பு. அங்கே வாரம் இரண்டு நாள் வந்து கணக்கு எழுதுபவர் ஒரு அம்மா. மோட்டார் வேலையை ஒரு நிறுவனமும் பிளம்பிங் வேலையை இன்னொரு நிறுவனமும் செய்துவந்தன. ஒவ்வொரு வேலைக்கும் இரண்டுமே கொட்டேஷன் கொடுக்கும். குறைந்த தொகை கேட்டவருக்கு வேலை போகும். கோப்பில் எல்லாம் சரியாகவே இருந்தது.

ஆண்டு முடிவில் பில்களை அடுக்கும்போது, இரண்டு பில்லிலும் ஒரே தெரு, ஒரே கதவு எண் இருப்பதை அந்த அம்மா கவனித்தார். உடனே யாரிடமும் சொல்லவில்லை. ஒரே கட்டிடத்தில் பத்து கம்பெனிகள் இருக்கலாம். ஆடிட்டர் அலுவலக முகவரியைக் கொடுத்துப் பதிவு செய்பவர்களும் உண்டு. முகவரி சந்தேகத்துக்குக் காரணமாகலாம், சாட்சி ஆகாது.

அடுத்து பில்லில் உள்ள ஜி.எஸ்.டி. எண்ணைப் பார்த்தார். அது 15 எழுத்துகள் கொண்டது. முதல் இரண்டு இலக்கம் மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து எழுத்துகள் உரிமையாளரின் பான் எண். 13-வது எழுத்து, அதே பான் எண்ணில் அந்த மாநிலத்தில் எத்தனையாவது பதிவு என்பதைக் காட்டும். இரண்டு பில்லையும் பக்கத்தில் வைத்தார். நடுவிலுள்ள பத்து எழுத்துகளும் அப்படியே ஒன்று. 13-வது இடத்தில் ஒன்றில் 1, மற்றதில் 2.

ஜி.எஸ்.டி. இணையதளத்தில் Search Taxpayer என்ற பகுதி இருக்கிறது. லாகின் இல்லாமலே யாரும் பார்க்கலாம். Trade Name இரண்டுக்கும் வேறு வேறாக இருந்தது. Legal Name of Business என்ற இடத்தில் இரண்டுக்கும் ஒரே மனிதரின் பெயர்.

பிறகு பழைய கொட்டேஷன்களை எடுத்தார். மோட்டார் வேலைக்கு ஒருவர் 24,500 என்றால் மற்றவர் 26,950. ஒருவர் 18,000 என்றால் மற்றவர் 19,800. எல்லாமே சரியாகப் பத்து சதவீதம் கூடுதல். பிளம்பிங் வேலையில் இதே கணக்கு தலைகீழாக இருந்தது. அந்த 24,500 ரூபாய் வேலைக்கு வெளியே ஒருவரிடம் விலை கேட்டபோது அவர் சொன்னது 18,000.

இன்னொரு சிக்கலும் இருந்தது. அந்த ஆண்டு ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்தது 70,000, மற்றதற்கு 60,000. எந்த பில்லும் 30,000-ஐத் தாண்டவில்லை, எந்த நிறுவனமும் ஒரு லட்சத்தைத் தாண்டவில்லை. அதனால் டி.டி.எஸ். பிடிக்கவில்லை. ஆனால் பான் எண் ஒன்று என்றால் பணம் வாங்கியவர் ஒருவர்தான். மொத்தம் 1,30,000, வரம்பைத் தாண்டிவிட்டது. பிடிக்காத வரிக்கும் வட்டிக்கும் பதில் சொல்ல வேண்டியது சங்கம்.

அந்த அம்மா யாரையும் குற்றம் சொல்லவில்லை. இரண்டு பில், இணையதளப் பக்கத்தின் பிரிண்ட், கொட்டேஷன் பட்டியல் மூன்றையும் பொருளாளரிடம் கொடுத்தார். பொருளாளர் அந்த உரிமையாளரைக் கூப்பிட்டுக் கேட்டார். "ரெண்டும் என்னுதுதான் சார். இதுவரைக்கும் யாரும் கேக்கலியே" என்றார் அவர்.

அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. ஒருவர் இரண்டு பெயரில் தொழில் செய்வது தவறல்ல. அதை மறைத்து, போட்டி இருப்பதுபோல் இரண்டு விலை கொடுத்ததுதான் தவறு.

இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. இரண்டாவது நிறுவனம் மனைவி பெயரிலோ பிரைவேட் லிமிடெட் ஆகவோ இருந்தால் பான் எண் வேறாகிவிடும். பான் எண்ணின் நாலாவது எழுத்து P என்றால் தனிநபர், C என்றால் கம்பெனி, F என்றால் கூட்டு நிறுவனம். கம்பெனியாக இருந்தால் இயக்குநர்கள் யார் என்று பார்க்க வேண்டும். சிறு தொழில் செய்பவர்களுக்கு ஜி.எஸ்.டி. எண்ணே இருக்காது. அப்போது பான் எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். ஒரே கைபேசி எண், ஒரே வங்கிக் கணக்கு, இரண்டு கொட்டேஷனிலும் ஒரே எழுத்துப் பிழை, இவையும் காட்டிக்கொடுக்கும்.

அந்தக் குடியிருப்பில் இப்போது கொட்டேஷன் படிவத்தின் கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள்: "இந்த வேலைக்கு விலை கொடுக்கும் வேறு எந்த நிறுவனத்திலும் எனக்கோ என் குடும்பத்தாருக்கோ பங்கு இல்லை." கையெழுத்து போட்டால்தான் உறையைப் பிரிப்பார்கள். நம் படிவத்திலும் அந்த வரியைச் சேர்க்கலாமா என்பதை இந்தக் கூட்டத்தின் முன் வைக்கிறேன்.