ஒரே தேதி, இரண்டு வரலாறு: கல்வராயன் மலையின் ஜூன் 25

(கள்ளக்குறிச்சியில் இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



1975 ஜூன் 25 இந்தியாவில் என்ன நாள் என்று கேட்டால் உங்களில் பலர் உடனே சொல்லிவிடுவீர்கள்: நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்ட நாள். ஒன்றிய அரசு 2024இல் அந்தத் தேதியை அரசமைப்புச் சட்டம் படுகொலை செய்யப்பட்ட நாளாக ஆண்டுதோறும் கடைப்பிடிக்க வேண்டும் என்று அறிவித்தது. சரியாக ஓராண்டு கழித்து, 1976 ஜூன் 25இல் என்ன நடந்தது என்று கேட்டால் இந்த ஊரிலேயே அனேகம் பேருக்குத் தெரியாது. அன்றுதான் நமக்கு மேற்கே நிற்கும் கல்வராயன் மலை ஜாகீர்தார்களின் பிடியிலிருந்து அரசின் கைக்கு வந்தது.

ஒரு நிகழ்வை வரலாற்று முக்கியத்துவம் உடையது என்று எதை வைத்துச் சொல்கிறோம்? வரலாறு கற்பிப்பவர்கள் இதற்குப் பொதுவாக நான்கு அளவுகோல்களைச் சொல்வார்கள். எத்தனை பேரைத் தொட்டது என்பது பரப்பு. எவ்வளவு காலம் நீடித்தது என்பது கால நீட்சி. வாழ்க்கையை எந்த அளவுக்குப் புரட்டியது என்பது ஆழம். பின்னால் வந்தவர்கள் எப்படி நினைவில் வைத்தார்கள் என்பது நினைவு. இந்த நான்கையும் நம் மாவட்டத்தின் இரண்டு நிகழ்வுகள் மீது வைத்துப் பார்ப்போம். ஒன்று 1976இல் ஜாகீர் முடிந்தது. மற்றொன்று 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 65க்கும் மேற்பட்டோர் இறந்தது.

முதலில் பரப்பு. எண்ணிக்கையைக் கேட்பதில் தவறில்லை. ஆனால் அந்த எண்ணை எதனால் வகுக்கிறோம் என்பதையும் கேட்க வேண்டும். தமிழ்நாட்டின் கோடிக்கணக்கான மக்களால் வகுத்தால் கல்வராயன் மலையில் வாழும் சில பத்தாயிரம் பழங்குடி மக்கள் ஒரு தசமப் புள்ளிக்குள் மறைந்து போவார்கள். மலையையே வகுக்கும் எண்ணாக எடுத்தால் கணக்கு மாறிவிடுகிறது. ஜாகீர் முடிந்தது அங்கே வாழ்ந்த ஏறக்குறைய எல்லாக் குடும்பங்களையும் தொட்டது. கருணாபுரத்துக்கும் இதே கணக்குதான். மாநில அளவில் 65 என்பது சிறிய எண். கூலி வேலை செய்து பிழைக்கும் ஒரே பகுதியில் அடுத்தடுத்த வீடுகளிலிருந்து பிணங்கள் எடுக்கப்பட்டபோது அந்த எண்ணின் பொருள் வேறு. ஒடுக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் சிறு சிறு தொகுதிகளாகவே சிதறி வாழ்கிறார்கள். எப்போதும் பெரிய எண்ணால் வகுக்கிற வரலாற்றில் அவர்களுக்கு ஒருபோதும் இடம் இருக்காது. ஆகவே பரப்பு என்பதைத் தலைகளை எண்ணுவதோடு நிறுத்தாதீர்கள். அந்தச் சமூகத்தில் எத்தனை பங்கு தொடப்பட்டது என்று கேளுங்கள்.

இரண்டாவது கால நீட்சி. இங்கே பலரும் இரண்டு விஷயங்களைக் குழப்பிக்கொள்கிறார்கள். நிகழ்வு நீடித்த காலம் ஒன்று. அதன் விளைவு நீடித்த காலம் இன்னொன்று. ஜாகீர் முடிவுக்கு வந்தது ஆவணத்தில் ஒரே நாள். அந்த ஒரு நாளுக்கு முன்னால் எவ்வளவு காலம் தேவைப்பட்டது என்று பாருங்கள். சமவெளியில் ஜமீன்களை ஒழிக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1948இலேயே வந்துவிட்டது. கூலி கொடுக்காமல் கட்டாய வேலை வாங்குவதைத் தடை செய்யும் 23ஆவது பிரிவு 1950இல் அரசமைப்புச் சட்டத்தோடு நடைமுறைக்கு வந்தது. ஆனால் மலையில் ஜாகீர்தார்களுக்கு வரி கட்டுவதும், அவர்கள் நிலத்தில் ஊதியமின்றி உழைப்பதும் அதற்குப் பிறகும் தொடர்ந்தன. சட்டத்துக்கும் மலைக்கும் இடையே ஏறக்குறைய 26 ஆண்டுகள். ஒரு தலைமுறை பிறந்து, வளர்ந்து, மணம் முடித்துப் பிள்ளை பெறுகிற காலம் அது.

கருணாபுரத்திலும் சாவுகள் சில நாட்களில் நிகழ்ந்து முடிந்தன. உடலுக்குள் போன மெத்தனாலைக் கல்லீரல் ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. அது முதலில் தாக்கும் உறுப்புகளில் ஒன்று கண் நரம்பு. அதனால் உயிர் பிழைத்தவர்களிலும் பார்வை இழப்பவர்கள் உண்டு. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு அந்த ஜூன் இன்னும் முடியவில்லை. இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். 2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளில் இதே மெத்தனாலுக்கு 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஓராண்டு கழித்துக் கள்ளக்குறிச்சி. ஒரே வகை நிகழ்வு திரும்பத் திரும்ப வந்தால், அதைத் தனித்த விபத்தாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நீண்டகாலமாக இயங்கும் ஓர் ஏற்பாடு வெளியே தலைகாட்டும் தருணம் அது. அப்போது கால நீட்சியை அந்த நாளுக்கு அளப்பதில் பொருளில்லை. அந்த ஏற்பாட்டுக்குத்தான் அளக்க வேண்டும்.

மூன்றாவது ஆழம். நான்கில் இதுதான் கடினமானது. ‘பெரிய மாற்றம்’ என்று பொதுவாகச் சொன்னால் எதையும் அளக்க முடியாது. மூன்று கேள்விகளாக உடைத்துக் கேட்டால் விடை தெளிவாகும். நிகழ்வுக்கு முன்னும் பின்னும், யார் யாருக்கு உத்தரவிட முடிந்தது? நிலம் யார் பெயரில் இருந்தது? ஒருவர் ‘முடியாது’ என்று சொன்னால் என்ன ஆயிற்று?

1976க்கு இதைப் பொருத்துவோம். முதல் கேள்விக்கும் மூன்றாவது கேள்விக்கும் விடை பெருமளவில் மாறியது. ஜாகீர்தாரின் நிலத்தில் கூலியில்லாமல் உழைக்க வேண்டும் என்ற கட்டாயத்துக்கு இருந்த அதிகாரப் பின்புலம் விழுந்தது. உழைக்க மறுப்பவர் இனி சட்டத்தின் பக்கம் நிற்கிறார். ஆனால் இரண்டாவது கேள்விக்கு விடை மாறிய விதம் வேறு. நிலம் ஜாகீர்தாரிடமிருந்து உழுதவருக்குப் போகவில்லை. அரசிடம் போனது. தலைமுறை தலைமுறையாகப் பயிரிட்ட நிலத்துக்குப் பட்டா இல்லை என்ற நிலையில், நேற்று ஜாகீர்தார் முன்னால் கைகட்டி நின்றவர் இன்று வனத்துறை, வருவாய்த்துறை அலுவலகங்களின் வாசலில் நின்றார். வன உரிமைச் சட்டம் 2006இல்தான் இயற்றப்பட்டது. அதன்பிறகும் தமிழ்நாட்டில் உரிமைப் பட்டா வழங்குவது நீதிமன்ற வழக்குகளால் பல ஆண்டுகள் தடைபட்டது. அதாவது, அடிமை உழைப்பு என்ற அடுக்கில் 1976 ஆழமாக வெட்டியது. நில உடைமை என்ற அடுக்கை மேலோட்டமாகவே கீறியது. ஆழத்துக்கு ஒரே மதிப்பெண் போட முடியாது என்பதை இந்த மலை நமக்குக் காட்டுகிறது.

கருணாபுரத்துக்கும் அதே கேள்விகளை வைப்போம். மதுவிலக்குச் சட்டம் திருத்தப்பட்டது. ஆயுள் தண்டனை வரை வழி செய்யப்பட்டது. குடும்பங்களுக்கு 10 லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது. வழக்கு உயர் நீதிமன்ற உத்தரவால் சிபிஐக்குப் போனது. இவை சிறிய விஷயங்கள் அல்ல. ஆனால் உடல் நோகக் கூலி வேலை செய்து, மாலையில் கைக்கு எட்டும் மலிவான போதையைத் தேடுகிற அந்த வாழ்க்கையில் என்ன மாறியது? அந்தப் பகுதியில் யாருடைய அதிகாரம் குறைந்தது? இதற்கான விடையைத் தண்டனையின் ஆண்டுக்கணக்கில் தேட முடியாது. இன்னும் சில ஆண்டுகள் கழித்து அந்தத் தெருவின் அன்றாடத்தில்தான் தேட வேண்டும்.

நான்காவது நினைவு. இங்கேதான் நாம் மிகுந்த எச்சரிக்கையோடு இருக்க வேண்டும். முதல் மூன்றும் நிகழ்வைப் பற்றிய கேள்விகள். நினைவு என்பது நிகழ்வைப் பற்றியது மட்டுமல்ல. எழுதும் கை யாருடையது, சிலை வைக்கும் இடம் யாருடையது, பாடநூல் யாருடையது என்பதையும் அது சொல்கிறது. ஹெய்ட்டியில் பிறந்த ஆய்வாளர் மிஷேல் ரோல்ஃப் ட்ரூயோ 1995இல் எழுதிய நூலில் இதைத்தான் விளக்கினார். அடிமைகளே புரட்சி செய்து 1804இல் சுதந்திர நாடு கண்ட ஹெய்ட்டிப் புரட்சி, மேற்கின் வரலாற்று நூல்களில் எப்படிச் சிறிதாக்கப்பட்டது என்று அவர் காட்டினார். நினைக்கப்படவில்லை என்பதை, முக்கியமில்லை என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொண்டால் நாம் ஆதிக்கத்தின் கணக்கையே திரும்ப எழுதுகிறோம்.

நம் மாவட்டத்துக்கு வாருங்கள். 1976இல் மலையில் நடந்தது ஏன் நினைவாகவில்லை? ஒரு காரணம், அதற்கு எந்தக் கட்சியும் உரிமை கோர வசதியில்லை. அந்த ஆண்டு ஜனவரி 31இல் திமுக ஆட்சி கலைக்கப்பட்டது. தமிழ்நாடு குடியரசுத் தலைவர் ஆட்சியில் இருந்தது. நாடு முழுவதும் நெருக்கடி நிலை. கருத்துரிமை முடக்கப்பட்ட, தலைவர்கள் சிறையில் இருந்த அதே ஆண்டில் ஒரு மலையின் ஜாகீர் ஒழிந்தது. நமக்கும் இது சங்கடமான உண்மைதான். நெருக்கடி நிலையை எதிர்ப்பதில் நமக்குத் தயக்கமே தேவையில்லை. ஆனால் சமவெளியில் சுதந்திரம் பறிக்கப்பட்ட காலம் என்று நாம் சரியாகவே சொல்கிற அந்தக் காலத்துக்கு முன்பு, மலையில் பறிக்கப்படுவதற்குச் சுதந்திரம் எவ்வளவு இருந்தது என்ற கேள்வியையும் கேட்க வேண்டும். இரண்டையும் சேர்த்துச் சொல்லத் தெரியாத வரலாறு அரைகுறையானது.

மறக்கப்பட்ட அந்தத் தேதி பரவலாக வெளியே வந்தது எப்போது? கருணாபுரம் சாவுகளுக்குப் பிறகு, 2024இல், கல்வராயன் மலை மக்களின் நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தபோது. சாலை, மருத்துவம், பள்ளி என்ற பேச்சுக்கு நடுவேதான் 1976 செய்தித்தாள்களுக்கு வந்தது. 48 ஆண்டுகள் ஆகிவிட்டன. அப்போதும் மலை எப்படிப் பேசப்பட்டது? சாராயத்தின் ஊற்றாக. மெத்தனால் தொழிற்சாலைகளில் பயன்படும் வேதிப்பொருள். மலையில் வெல்லத்தை ஊறவைத்துக் காய்ச்சும் ஊறல் பானையில் உருவாகிற நஞ்சு அல்ல அது. ஆனாலும் பழி முதலில் மலையேறியது. நினைவு இப்படியும் வேலை செய்யும்: ஒரு மக்களை அவர்கள் பெற்ற விடுதலையால் நினைக்காமல், அவர்கள் மீது சுமத்தப்பட்ட குற்றத்தால் நினைக்கும்.

மக்கள் தாங்களே நினைவைக் கட்டவும் முடியும். பக்கத்துத் தர்மபுரி மாவட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியில் 1992 ஜூன் 20இல் பழங்குடி மக்கள் மீது அரசுத் துறைகளே ஏவிய வன்முறை 2011இல் தண்டனையாகி, 2023இல் உயர் நீதிமன்றத்தில் உறுதியானது. அத்தனை ஆண்டுகளும் பெண்கள் திரும்பத் திரும்பச் சாட்சி சொன்னார்கள். இயக்கங்கள் கூடவே நின்றன. அதனால்தான் வாச்சாத்தி இன்று ஒரு சொல்லாகவே நிலைத்திருக்கிறது. பாதிக்கப்பட்டவர்கள் விடாமல் பேசியதால் கிடைத்த நினைவு அது.

ஆகவே நான்கு அளவுகோல்களையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். ஆழத்தையும் கால நீட்சியையும் முதலில் அளவிடுங்கள். பரப்பை அந்தச் சமூகத்தின் பங்காகக் கணக்கிடுங்கள். நினைவைக் கடைசியில் வையுங்கள். மற்ற மூன்றிலும் உயர்ந்து நிற்கும் நிகழ்வு நினைவில் மட்டும் தாழ்ந்திருந்தால், அங்கேதான் நமக்கு வேலை இருக்கிறது.

அந்த வேலை என்ன என்பதைச் சொல்லி முடிக்கிறேன். 1976இல் 20 வயதில் இருந்தவர்கள் இன்று 70ஐ ஒட்டியோ கடந்தோ இருக்கிறார்கள். மலைக்குப் போங்கள். ‘அப்போது எப்படி இருந்தீர்கள்?’ என்று பொதுவாகக் கேட்காதீர்கள். யாருக்கு, விளைச்சலில் எவ்வளவு கொடுத்தீர்கள், ஆண்டில் எத்தனை நாள் கூலியில்லாமல் உழைத்தீர்கள், வர மறுத்தவருக்கு என்ன நேர்ந்தது, ஜாகீர் போய்விட்டது என்று யார் வந்து எப்படிச் சொன்னார்கள், அடுத்த நாள் எதைச் செய்வதை நிறுத்தினீர்கள் என்று கேளுங்கள். ஒருவர் சொன்னதை இன்னொரு ஊர்க்காரரிடம் சரிபாருங்கள். பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். வீட்டு வேலையின் கணக்கு ஆண்களுக்குத் தெரியாது. வருவாய் ஆவணங்களோடு ஒப்பிடுங்கள். சொல்பவரின் அனுமதியோடு பதிவு செய்து, ஒரு படியை அந்த ஊரிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள்.

அடுத்த ஜூன் 25க்கு இந்த ஊரில் நெருக்கடி நிலை பற்றிக் கூட்டம் நடந்தால், அதே மேடையில் அந்தப் பதிவுகளில் ஒன்றையாவது வாசித்துக் காட்டுங்கள்.