விற்காத பாக்கெட் யாருடையது?

(கோரிப்பாளையம் கூட்டத்தில் பேசியது)

நம்ம அப்பளத்தைக் கடைகளுக்குக் கொண்டுபோக ஒருத்தர் முன்வந்திருக்கார். அவரை டிஸ்ட்ரிபியூட்டரா வைக்கலாமா, ஏஜெண்டா வைக்கலாமான்னு கேட்டிருந்தீங்க. பேரை விட்டுடுங்க, விற்காம கிடக்கிற பாக்கெட் யாருடையதுன்னு மட்டும் பாருங்க.

டிஸ்ட்ரிபியூட்டர் நம்மகிட்ட விலைக்கு வாங்கிடுவார். அதற்குப் பிறகு சரக்கும் அவருடையது, தேங்கினா நஷ்டமும் அவருடையது. ஏஜெண்டு நம்ம சார்பில் விற்பார். விற்கிற வரைக்கும் சரக்கு நம்முடையது, அவருக்குக் கமிஷன் மட்டும்தான். 500 பாக்கெட்டை 30 ரூபாய் வீதம் டிஸ்ட்ரிபியூட்டருக்குக் கொடுத்தா 15,000 ரூபாய் கைக்கு வந்துடும். ஏஜெண்டு 36 ரூபாய்க்குக் கடையில் போட்டு, 10 சதவீதம் கமிஷன் எடுத்தா, 500-ம் வித்தால் நமக்கு 16,200. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா 400-தான் வித்ததுன்னா 12,960 ரூபாயும், நொறுங்கிப்போகிற 100 பாக்கெட்டும்தான் மிச்சம்.

மும்பையில் 1959-ல் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கித் தொடங்கின லிஜ்ஜத் அப்பளம், ரொக்கம் கொடுத்து எடுக்கிற விநியோகஸ்தர்களை வெச்சுத்தான் வளர்ந்தது. உருட்டுற பெண்களுக்கு உடனுக்குடன் கூலி கொடுக்கணுமே! நமக்கும் அதே நிலைதான். அதனால அப்பளத்துக்கு டிஸ்ட்ரிபியூட்டர்தான் என் யோசனை. சுங்குடிச் சேலைன்னா ஏஜெண்டு சரி, அது கெட்டுப்போகாது.

அடுத்து, "இந்த ஏரியா எனக்கு மட்டும்"னு கேட்பார். கொடுக்கலாம். ஆனா "மதுரை"ன்னு எழுதாதீங்க. கோரிப்பாளையம், செல்லூர், தல்லாகுளம்னு பேர் சொல்லி எழுதுங்க. கண்காட்சியிலயும் உறுப்பினர் வீட்டு வாசலிலயும் நாமே விற்போம்னு அதிலேயே சேர்த்துடுங்க. ஒப்பந்தம் முடிஞ்ச பிறகும் அவர் வேற அப்பளம் விற்கக்கூடாதுன்னு எழுதுறதில் பிரயோஜனமில்லை. 1872 ஒப்பந்தச் சட்டம் 27-ஆம் பிரிவுப்படி அது செல்லாது.

அந்த உரிமை இலக்கோட கட்டப்பட்டிருக்கணும். மாத இலக்கு வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம்மாலேயே காயவைக்க முடியாது. மூணு மாசத்துக்கு இத்தனை பாக்கெட்னு வைங்க. அவர் கேட்டு நாம கொடுக்காத பாக்கெட்டை இலக்கில் கழிச்சுக்கணும். இல்லேன்னா அதையே காரணமா சொல்வார். தொடர்ந்து ரெண்டு தடவை இலக்கு தவறினா, "எனக்கு மட்டும்"ங்கிற உரிமை போயிடும், வியாபாரம் தொடரும்னு எழுதுங்க. ஒரேயடியா ஒப்பந்தத்தை முறிக்கிறதைவிட இது நல்லது. மறுநாளே இன்னொருத்தரை வெச்சுக்கலாம்.

கடைசியா ரிட்டன். இங்கதான் ஏமாறுவோம். "விற்காததை எல்லாம் எடுத்துக்குங்க"ன்னு ஒரு வரி போட்டுட்டா, பேருக்குத்தான் அவர் டிஸ்ட்ரிபியூட்டர். நஷ்டம் திரும்ப நம்ம வாசலுக்கே வந்துடும். நம்ம தயாரிப்புக் குறைன்னா முழுசும் எடுத்துக்கணும், அது நியாயம். விற்காத சரக்குன்னா எடுத்ததில் 5 சதவீதம் வரை, பாக்கெட் பிரிக்காம, காலாவதிக்கு 45 நாளாவது மிச்சமிருக்கணும். பதிலுக்குப் பணம் கிடையாது, அடுத்த லோடில் கழிவு. ஆட்டோ கூலி அவருடையது.

"வித்தா காசு, இல்லேன்னா ரிட்டன்"னு கொடுக்கிற சரக்குக்குத் தேதி கட்டாயம் போடுங்க. 1930 சரக்கு விற்பனைச் சட்டம் 24-ஆம் பிரிவுப்படி, குறிச்ச நாளுக்குள் வேண்டாம்னு தெரிவிக்காம வெச்சிருந்தா அது வாங்கினவருடையது ஆயிடும். நாள் குறிக்கலேன்னா 'நியாயமான காலம்'னு சட்டம் சொல்லும். அது பத்து நாளா, மூணு மாசமான்னு சண்டை போட்டுக்கிட்டு நிற்கணும். பில்லிலேயே "30 நாள்"னு எழுதி, அவர் கையெழுத்தை வாங்கிட்டு மூட்டையை ஏத்துங்க.