வன்தட்டின் வேகம் எங்கே தொலைகிறது?

(களமருதூரில் ஆசிரியர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



சென்ற மாதம் ஒரு பயிற்சியின் முடிவில், கல்வராயன் மலைப் பள்ளி ஒன்றிலிருந்து வந்திருந்த ஆசிரியை என்னிடம் ஒரு வன்தட்டை நீட்டினார். "சார், எங்க ஊர்ல நெட் கிடைக்காது. பாட வீடியோவெல்லாம் இதுல போட்டுக் கொடுத்துடுங்க. இப்பப் புறப்பட்டாத்தான் மலைக்குப் போற கடைசி பஸ்ஸைப் பிடிக்க முடியும்" என்றார். மொத்தம் 60 ஜிகாபைட். கணினியின் முன்பக்கத்தில் செருகி நகலெடுக்கத் தொடங்கினேன். அரை மணி நேரம் ஆகும் என்று திரையில் வந்தது. அவரிடம் கால் மணி நேரம்தான் இருந்தது.

"டிஸ்க் பழசாயிடுச்சா சார்?" என்று கேட்டார். எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. ஆனால் வேகம் விநாடிக்கு 35 மெகாபைட்டுக்கு மேல் ஏறாமல் நின்றதைப் பார்த்ததும் காரணம் பிடிபட்டது. அது வன்தட்டின் வேகம் அன்று, யுஎஸ்பி 2.0 இணைப்பின் வேகம்.

யுஎஸ்பி 2.0 விநாடிக்கு 480 மெகாபிட் என்பார்கள். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே கணக்குப்படி 60 மெகாபைட் வர வேண்டும். இணைப்பு தன் சொந்த வேலைக்கு எடுத்துக்கொள்வது போக, நம் கைக்குக் கிடைப்பது 30 முதல் 40 வரைதான். யுஎஸ்பி 3.0 இணைப்போ 5 ஜிகாபிட். நானூறு மெகாபைட்டுக்குக் குறையாமல் கொண்டுபோகும். சுழலும் தட்டுள்ள சாதாரண வன்தட்டு நூறு, நூற்றிருபது மெகாபைட் தரக்கூடியது. அதை 2.0-இல் மாட்டினால் அதன் வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு வீணாகிறது.

எனவே வன்தட்டைக் கணினியின் பின்பக்கம் இருந்த நீலநிறப் போர்ட்டுக்கு மாற்றினேன். நீலம் பெரும்பாலும் 3.0-இன் அடையாளம். அப்போதும் அதே 35தான்! பிறகுதான் கேபிளைப் பார்த்தேன். வன்தட்டோடு வந்த கேபிள் தொலைந்துபோனதால், கைப்பேசி சார்ஜர் கேபிளை அவர் மாட்டியிருந்தார்.

இந்த இடம்தான் பலரையும் ஏமாற்றுகிறது. இவ்வகை வன்தட்டின் துளை அகலமாக, இரண்டு பகுதிகளாக இருக்கும். அதன் பெரிய பகுதியில் பழைய கைப்பேசி கேபிள் சரியாகப் பொருந்திவிடும். வன்தட்டும் வேலை செய்யும். ஆனால் அந்தக் கேபிளில் இருப்பவை நான்கு கம்பிகள்: மின்சாரத்துக்கு இரண்டு, தரவுக்கு இரண்டு. 3.0-க்கு இவற்றோடு மேலும் ஐந்து இணைப்புகள் வேண்டும். அவை இல்லையென்றால் கணினி எந்தப் பிழையும் காட்டாது, சத்தமில்லாமல் 2.0-க்கு இறங்கிவிடும்.

திருச்சி–சென்னை நாற்கரச் சாலையில் எவ்வளவு வேகமாக வந்த வண்டியும் கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும்போது மலைப்பாதையின் வேகத்தில்தானே போக வேண்டும்? போர்ட், கேபிள், வன்தட்டு மூன்றில் எது மெதுவோ, அதுவே மொத்த வேகம்.

என் பையில் இருந்த அகலமுனைக் கேபிளை மாட்டினேன். வேகம் 110-க்கு ஏறியது. 60 ஜிகாபைட்டும் ஒன்பது நிமிடத்தில் முடிந்தது. அவர் பேருந்தைப் பிடித்துவிட்டார்.

உங்கள் பள்ளியிலும் இதைச் சோதிக்கலாம். ஒரே பெரிய காணொலிக் கோப்பை நகலெடுத்து, ஒரு நிமிடம் கழித்து வேகத்தைப் பாருங்கள். தொடக்கத்தில் தெரியும் எண்ணை நம்ப வேண்டாம். கணினி தன் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொள்ளும் வேகம் அது. லினக்ஸ் கணினியானால் முனையத்தில் இதைத் தட்டுங்கள்:

```
lsusb -t
```

வன்தட்டுக்கு நேராக 5000M என்று வந்தால் 3.0 இணைப்பு. 480M என்றால் போர்ட்டையும் கேபிளையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் குற்றவாளி யார் என்று தெரியாது.

புதிய டைப்-சி கேபிளிலும் இதே சிக்கல் உண்டு. முனை ஒன்றுபோல இருந்தாலும், கைப்பேசியோடு வரும் பல கேபிள்கள் உள்ளே 2.0தான். எஸ்எஸ்டி வைத்திருப்பவர்களுக்கு இழப்பு இன்னும் பெரிது; நானூறு வர வேண்டிய இடத்தில் நாற்பதுகூட வராது.

ஒன்றை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். விலை குறைந்த பென் டிரைவ் எழுதும் வேகமே பத்து, இருபதுதான் என்றால், எந்தப் போர்ட்டும் அதை விரட்ட முடியாது. ஆயிரக்கணக்கான சிறு படங்களை நகலெடுத்தாலும் வன்தட்டு மெதுவாகத்தான் போகும். அங்கே கேபிளைக் குறை சொல்லிப் பயனில்லை.

இன்று வீட்டுக்குப் போனதும் வன்தட்டோடு வந்த கேபிளைத் தேடியெடுத்து, ஒரு ரப்பர் பேண்டால் அதனுடனேயே கட்டிவையுங்கள்.