கண்டதும் கருதியதும்: ஒரு பாதுகாப்பு அறிக்கையின் மொழி



1991ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் பிற்பகலில், சுங்கை பூலோவில் இயங்கிவந்த பிரைட் ஸ்பார்க்லர்ஸ் என்னும் பட்டாசுத் தொழிற்சாலை வெடித்துச் சிதறியது. இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். சுற்றுப்புற வீடுகளும் சேதமடைந்தன. அதன்பின் மூன்றே ஆண்டுகளில், 1994இல், தொழிலிடப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரச் சட்டம் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டம் உருவாகத் தூண்டிய நிகழ்வுகளுள் ஒன்றாக இவ்வெடிப்பைக் குறிப்பிடுவது வழக்கம்.

இச்சட்டத்தில் மொழியாளராகிய நம் கவனத்திற்குரிய செய்தி ஒன்று உண்டு. 2024 ஜூன் 1 முதல் நடப்பிலுள்ள திருத்தத்தின்படி, உடனடி ஆபத்து உள்ளதென நம்பத் தக்க காரணமுடைய தொழிலாளி அவ்விடத்தை விட்டு விலகிக்கொள்ளலாம். ஆனால், ஆபத்தை முதலில் முதலாளிக்குத் தெரிவித்திருக்க வேண்டும். தெரிவித்தும் அவர் அதை நீக்கத் தவறியிருக்க வேண்டும். ஆகவே, 'தெரிவித்தேன்' என்னும் சொல்லின்மீதே ஓர் உரிமை நிற்கிறது. என்ன தெரிவித்தோம், யாரிடம், எப்போது என்பவை தெளிவாக இல்லாவிடில் அவ்வுரிமையை நிலைநாட்டுவது அரிது.

இன்று நாம் எடுத்துக்கொள்வது ஒரு சிறிய பணி. மனம் கொதித்து எழுதிய முதல் வரைவைப் பாதுகாப்பு அதிகாரி செயற்படத்தக்க அறிக்கையாக எவ்வாறு சுருக்குவது? சுங்கை பூலோ வட்டாரம் மரத் தளவாடத் தொழிலுக்குப் பெயர்பெற்றது. ஆதலால் அத்தகைய பட்டறை ஒன்றை மனத்தில் கொண்டு, வகுப்பறைக்கென நாமே அமைத்த மாதிரி வரைவு இது:

"ஐயா, பதினோரு வருசமா இந்த மிசின்ல மாடா உழைக்கிறேன். அந்தத் தூசு உறிஞ்சியைப் பத்தி எத்தனை தடவை சொல்லியிருப்பேன், கேட்டால்தானே! போன வாரமே புகை வாடை வந்தது. ஒண்ணும் ஆகாது போ என்று சூப்பர்வைசர் சொல்லிட்டார். நேற்று பையிலிருந்து புகை வந்து, நான் ஓடிப்போய்ப் பையைத் திறந்து, தண்ணீர் ஊற்றி, சுவிட்சை அணைத்து, உயிரே போய்விட்டது போல ஆகிவிட்டது. கிரைண்டரை அங்கே கொண்டுவந்து வைத்துத் தொலைத்திருக்கிறார்கள். பொறியெல்லாம் பைக்குள்தான் போகும். பணத்தை மிச்சம் பிடிக்கத்தான் இப்படிச் செய்கிறார்கள். எனக்கு மூன்று பிள்ளைகள். ஏதாவது ஆனால் யார் பொறுப்பு?"

இதைப் படிக்கும் ஆசிரியர் சிவப்பு மையெடுத்து உணர்ச்சிச் சொற்களை அடித்துவிட விரும்புவார். அடித்தால் எஞ்சுவது 'தூசு உறிஞ்சியில் புகை வந்தது' என்னும் ஒரே வரி. அதைக்கொண்டு அதிகாரி எதையும் செய்ய இயலாது. இவ்வரைவில் ஒவ்வோர் உணர்ச்சிச் சொல்லின் அடியிலும் ஒரு செய்தி புதைந்துள்ளது. அடிப்பதற்கு முன் அதைத் தோண்டி எடுக்க வேண்டும்.

'எத்தனை தடவை சொல்லியிருப்பேன்' என்பது ஆற்றாமை. அதன் அடியில் இருப்பது ஓர் எண்ணும் ஒரு பெயரும்: எத்தனை முறை, யாரிடம்? எழுதியவரை வினவுகிறோம். மார்ச் 4, மார்ச் 6 ஆகிய இரு நாள்களிலும் புகை வாடை வீசியதாகவும், இருமுறையும் சூப்பர்வைசரிடம் வாய்மொழியாகச் சொன்னதாகவும் விடையளிக்கிறார் எனக் கொள்வோம். ஆற்றாமை மறைந்து இரு தேதிகள் கிடைத்துவிட்டன. 'நேற்று' என்பதும் மார்ச் 12 ஆகிறது. அறிக்கை படிக்கப்படும் நாளில் 'நேற்று' என்பதற்குப் பொருளில்லை. 'பதினோரு வருசம்' என்பதைக்கூட அவசரப்பட்டு நீக்க வேண்டியதில்லை. அவ்வியந்திரத்தின் வழக்கமான வாடை எது, புதிய வாடை எது என அறிந்தவரின் சான்று அது. 'மாடா உழைக்கிறேன்' என்பதை மட்டும் விட்டுவிடலாம்.

அடுத்து, வினைகளுக்கு வருவோம். தமிழில் உணர்ச்சி பெரிதும் துணைவினைகளிலும் இடைச்சொற்களிலும் குடியிருக்கிறது. 'வைத்துத் தொலைத்திருக்கிறார்கள்' என்பதில் செய்தி 'வைத்திருக்கிறார்கள்' என்பதோடு முடிகிறது. 'தொலை' என்பது எரிச்சல். 'பணத்தை மிச்சம் பிடிக்கத்தான்' என்பதில் உள்ள 'தான்' குற்றச்சாட்டு. இவற்றை நீக்கினால் செய்தி சிறிதும் குறையாது. ஆனால் 'வைத்திருக்கிறார்கள்' என்பதிலும் ஒரு வினா எஞ்சுகிறது. அவர்கள் வைத்ததைப் பார்த்தாரா, வந்தபோது அங்கே இருந்ததைப் பார்த்தாரா? பார்த்தது இரண்டாவதே என்றால், 'கிரைண்டர் உறிஞ்சுக் குழாயின் வாய்க்கு அருகில் இருக்கிறது' என்றே எழுத வேண்டும்.

'பொறியெல்லாம் பைக்குள்தான் போகும்' என்னும் தொடர் இன்னும் நுட்பமானது. 'போகும்' என்பது வழக்கத்தையும் குறிக்கும், ஊகத்தையும் குறிக்கும். எழுதியவர் பைக்குள் பொறி சென்றதைக் காணவில்லை, காணவும் முடியாது. அவர் கண்டது, கத்தி தீட்டும்போது பொறிகள் குழாய் வாயை நோக்கி இழுக்கப்படுவதை. கண்டதைக் கண்டதாகவும் கருதியதைக் கருதியதாகவும் பிரித்து எழுதினால், ஊகம் தவறானாலும் சான்று நிலைக்கும். இரண்டையும் ஒன்றாக எழுதினால், ஊகத்தை மறுப்பவர் சான்றையும் சேர்த்தே தள்ளிவிடுவார். பணத்தை மிச்சம் பிடிக்கிறார்கள் என்பது பிறர் உள்நோக்கம் பற்றிய ஊகம். அது உண்மையாகவே இருக்கலாம். எனினும் அதிகாரி சரிபார்க்கக்கூடியது அன்று. விவாதத்தைக் கிரைண்டரிலிருந்து கணக்குப் புத்தகத்திற்குத் திருப்பிவிடும்.

இனி, வினையெச்சத் தொடர். 'புகை வந்து, ஓடிப்போய், திறந்து, ஊற்றி, அணைத்து' என ஒரே மூச்சில் எழுதுவது நம் மொழியின் இயல்பு. கதை சொல்வதற்கு மிக ஏற்றது. ஆனால் அறிக்கையில் அது இரண்டை மறைக்கிறது: வினைகளுக்கு இடைப்பட்ட நேரத்தையும், ஒவ்வொன்றையும் செய்தவரையும். தமிழ்த் தொடரில் முன் நிற்கும் வினை முன் நிகழ்ந்ததாகவே படிப்பவர் கொள்வார். பதற்றத்தில் எழுதுபவரோ நினைவுக்கு வந்த வரிசையில் எழுதக்கூடும். எனவே தொடரை உடைத்து, ஒவ்வொரு வினையையும் முற்றாக்கி, எழுவாயும் நேரமும் கேட்கிறோம். அப்போது தெரிகிறது: பையைத் திறந்ததும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றியதும் இவர், அதன்பின் சுவிட்சை அணைத்தது உடன் பணியாற்றியவர். அதாவது, பை திறந்த வேளையில் விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

பாதுகாப்பு அதிகாரிக்கு இவ்வறிக்கையிலேயே மிகக் கனமான செய்தி இதுவாக இருக்கலாம். மரத்தூள் குவியலாகக் கிடக்கையில் மெல்லப் புகையும்; காற்றில் கலந்து பரவினால் கண நேரத்தில் பற்றி எரியும், அடைத்த இடத்தில் வெடிக்கவும் செய்யும். புகையும் பையைத் திறப்பதும், வாளி நீரை வீசுவதும், ஓடும் விசிறியும் தூளைக் கிளப்பக்கூடியவை. எழுதியவர் தம் துணிவாகச் சொன்ன இடத்தில், பயிற்சி தேவைப்படும் இடத்தை அதிகாரி காண்கிறார். 'உயிரே போய்விட்டது போல' என்பதை மட்டும் அடித்துவிட்டுத் தொடரை அப்படியே விட்டிருந்தால் இது வெளிப்பட்டிராது.

இப்போது சுருக்கிய வடிவம்:

"பொருள்: தூசு உறிஞ்சிப் பையில் புகை, கிரைண்டரை இடம் மாற்றக் கோரிக்கை.

கோரிக்கை: கிரைண்டரை வேறிடத்திற்கு மாற்றும்வரை அதைப் பயன்படுத்தாமல் நிறுத்த வேண்டும். உறிஞ்சியின் பையையும் குழாயையும் சோதித்த பின்னரே மீண்டும் இயக்க வேண்டும்.

நிகழ்வு: மார்ச் 12, பிற்பகல் 2.15. உறிஞ்சிப் பையிலிருந்து புகை வருவதைக் கண்டேன். பையைத் திறந்து ஒரு வாளி தண்ணீர் ஊற்றினேன். அப்போது விசிறி ஓடிக்கொண்டிருந்தது. பின்னர் உடன் பணியாற்றுபவர் சுவிட்சை அணைத்தார். சுமார் 2.30க்குப் புகை நின்றது. யாருக்கும் காயமில்லை.

முன்னர்: மார்ச் 4, 6 ஆகிய நாள்களில் புகை வாடை வீசியது. இவ்வியந்திரத்தில் 11 ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். இவ்வாடை இதற்குமுன் இருந்ததில்லை. இரு நாள்களிலும் சூப்பர்வைசரிடம் வாய்மொழியாகத் தெரிவித்தேன். இயந்திரம் நிறுத்தப்படவில்லை.

காரணம் எனக் கருதுவது: கிரைண்டர் உறிஞ்சுக் குழாயின் வாய்க்கு அருகில் இருக்கிறது. பொறிகள் வாயை நோக்கி இழுக்கப்படுவதைப் பார்த்துள்ளேன். பைக்குள் சென்றதைப் பார்க்கவில்லை."

கோரிக்கை தொடக்கத்திலேயே நிற்பதைக் கவனிக்க வேண்டும். வினை இறுதியில் வருவது தமிழ்த் தொடரின் இலக்கணம். வேண்டுகோள் இறுதியில் வருவது நம் கடித மரபு. பல தாள்களைப் புரட்டும் அதிகாரிக்கு, அவர் இன்று செய்ய வேண்டியது முதல் வரிகளில் தெரிய வேண்டும். சூப்பர்வைசர் சொன்ன 'ஒண்ணும் ஆகாது போ' நீங்கிவிட்டது. அவரிடம் தெரிவித்த நாள்கள் நிற்கின்றன. பழி போய்ப் பதிவு எஞ்சியுள்ளது.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். நம் வகுப்பறைகளில் 'தெரிவிக்கப்பட்டது', 'மேற்கொள்ளப்பட்டது' போன்ற செயப்பாட்டு வினைகளை அலுவல் நடையின் அடையாளமாகக் கற்பிக்கிறோம். பாதுகாப்பு அறிக்கையில் 'வாடை குறித்துத் தெரிவிக்கப்பட்டது' என எழுதினால், தெரிவித்தவரும் காணோம், கேட்டவரும் காணோம். இத்தகைய அறிக்கை பெரும்பாலும் மலாய்க்கோ ஆங்கிலத்திற்கோ பெயர்க்கப்பட்டே மேலே செல்லும். தமிழில் இல்லாத எழுவாயை மொழிபெயர்ப்பாளர் விட்டுவிடுவார், அல்லது தாமே ஊகித்து இட்டுவிடுவார். இரண்டும் தீங்கே. செய்தவரை அறியாத இடத்தில் மட்டும், 'இயந்திரம் நிறுத்தப்படவில்லை' என்பதுபோல், செயப்பாட்டு வினை பொருந்தும்.

இம்முறைக்கு எல்லையும் உண்டு. புகை வந்துகொண்டிருக்கையில் யாரும் அறிக்கை எழுதக்கூடாது. வாயால் எச்சரித்து, இயந்திரத்தை நிறுத்தச் சொல்லி, விலக வேண்டும். எழுத்து அதன் பின்னரே. முதல் வரைவையும் கிழித்துவிடலாகாது. நிகழ்வுக்கு மிக அருகில் எழுதிய தாள் அது. தேதியிட்டு எழுதியவரே வைத்துக்கொள்ளட்டும். பின்னர் விசாரணை நடந்தால், அறிக்கையில் இடம்பெறாத ஒரு சொல் அங்கே தேவைப்படலாம்.

வகுப்பில் செய்து பார்க்க ஒரு சோதனை சொல்லி அமைகிறோம். மாணவர் சுருக்கிய அறிக்கையை, மூல வரைவைப் படிக்காத வேறொரு மாணவரிடம் தாருங்கள். இயந்திரம், குழாய், கிரைண்டர் மூன்றும் எங்கெங்கே உள்ளன எனப் படம் வரையச் சொல்லுங்கள். நாளைக் காலை முதலில் எதை நிறுத்துவார் எனவும் கேளுங்கள். அவர் எழுந்துவந்து ஐயம் கேட்கும் ஒவ்வோர் இடத்திலும், வெட்டக்கூடாத ஒன்று வெட்டப்பட்டிருக்கிறது.