போய் வாருங்கள், அண்ணே!

(பணி ஓய்வு பெறும் நமது திருகோணமலை அலுவலகத் தோழருக்காக எடுத்த விடைபெறு காணொளியின் பேச்சு.)

காட்சி: உட்துறைமுகம், காலை வேளை

அண்ணே, அறுபது வயது முடிந்து நீங்கள் ஓய்வு பெறுகிறீர்கள். உங்களோடு வேலை செய்த நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே ஒரு நினைவைச் சொல்கிறோம்.

காட்சி: அலுவலக மேசை, பழைய சம்பளத் துண்டுகள்

மலைநாட்டில் 24 வருடம் கொழுந்து பறித்த அம்மா ஒருவர், ஓய்வு பெற்றபின் சீனன்குடாவில் மகள் வீட்டுக்கு வந்திருந்தார். அப்போது நாட்கூலி 1,000 ரூபாய். சேவைக்காலப் பணமாக வருடத்துக்கு 14 நாள் சம்பளம் சேர வேண்டும். ஆனால் தோட்டத்தில் 19 வருடத்துக்கு மட்டும் கணக்குப் பார்த்து, 2,66,000 ரூபாய் என்றார்கள்.

மீதி ஐந்து வருடம் எங்கே போனது? அந்த அம்மாவின் தகரப் பெட்டியிலிருந்த சம்பளத் துண்டுகளை நீங்கள் மேசையில் வருடவாரியாக அடுக்கினீர்கள். முதல் ஐந்து வருடத் துண்டுகளில் வீட்டுப் பெயர் இருந்தது. அடையாள அட்டை எடுத்தபின் வந்த துண்டுகளில் அட்டையிலுள்ள பெயர் இருந்தது. செக்ரோலிலும் அப்படியே பதிந்திருந்ததால், தோட்டக் கணக்கில் அவர் இரண்டு ஆளாகிவிட்டார்.

நீங்கள் பெயரை விட்டுவிட்டு இலக்கத்தைப் பார்த்தீர்கள். எல்லாத் துண்டிலும் ஊழியர் சேமலாப நிதி இலக்கம் ஒன்றுதான். "இரண்டு பேரும் ஒரே ஆள் என்று இந்த இலக்கமே சொல்லுது" என்றீர்கள்.

இரண்டு பெயரும் தன்னுடையதே என்று அந்த அம்மா சத்தியக் கடதாசி முடித்தார். நீங்கள் அதையும் துண்டுகளின் பிரதிகளையும் எடுத்துக்கொண்டு, கண்டி வழியாக அட்டனுக்கு பஸ் ஏறினீர்கள். அங்கே தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்தீர்கள். விசாரணைக்கு மூன்று தடவை போய் வந்தீர்கள். கடைசியில் 24 வருடமும் கணக்கில் ஏறியது. அந்த அம்மாவுக்கு 3,36,000 ரூபாய் கிடைத்தது. விடுபட்டிருந்த 70,000 ரூபாயும் அதில் அடங்கும்.

காட்சி: எங்கள் எல்லோரின் முகங்களும்

அண்ணே, நன்றி. அன்றிலிருந்து யார் வந்தாலும் "பழைய துண்டு இருக்கா?" என்றுதான் நாங்கள் முதலில் கேட்கிறோம். அதை நீங்கள்தான் எங்களுக்குப் பழக்கினீர்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டி, விளங்கியபின்தான் கையெழுத்து வாங்குவீர்கள். அதற்கும் நன்றி.

காட்சி: வாழ்த்துகள்

— அண்ணே, இனி பஸ்ஸில் ஃபைல் இல்லாமல் போங்க. யன்னல் பக்கம் உட்காருங்க.

— அண்ணி, இனி மத்தியானச் சாப்பாட்டுக்கு அண்ணன் நேரத்துக்கு வருவார்.

— மாமா, அம்மா சொல்லச் சொன்னாங்க: அந்தக் காசில்தான் கூரை போட்டோம். ஒரு நாள் வீட்டுக்கு வாங்க.

— உங்கள் சேவைக்காலப் பணம் 30 நாளுக்குள் வர வேணும். தேதியை நாங்கள் எண்ணிக்கொண்டு இருக்கிறோம், அண்ணே!

சுகமாக இருங்கள். போய் வாருங்கள்.